பீப்பாய் அளவையும் பிழையின் எல்லையும்

1613ஆம் ஆண்டு ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் வாழ்ந்த வானியலாளர் யோகான்னஸ் கெப்ளரின் இரண்டாம் திருமணம் நடைபெற்றது. அதையொட்டி வாங்கிய திராட்சை மதுவை அளக்க வந்த வணிகர், பீப்பாயின் நடுத்துளை வழியே ஒரு கோலைச் சாய்வாக நுழைத்து, அது நனைந்த நீளத்தைக் கொண்டே கொள்ளளவைச் சொல்லிவிட்டார். பீப்பாயின் வடிவம் மாறினாலும் கோல் ஒன்றுதான். கணக்கு ஏதும் இல்லை. இதை நம்பலாமா என்ற ஐயமே 1615இல் கெப்ளர் வெளியிட்ட மதுப் பீப்பாய்களின் கன அளவு பற்றிய நூலுக்கு வித்திட்டது. இரு முனைகளின் குறுக்குப் பரப்புகளோடு நடுப்பரப்பின் நான்கு மடங்கைக் கூட்டி, நீளத்தால் பெருக்கி, ஆறால் வகுக்கும் விதியை ஜெர்மானியப் பாடநூல்கள் இன்றும் ‘கெப்ளரின் பீப்பாய் விதி’ என்றே வழங்குகின்றன.

வளைந்த எல்லைக்குட்பட்ட பரப்பை நேர்கோட்டால் அளப்பது அதனினும் மிகப் பழைய முறை. கி.மு. 350க்கும் கி.மு. 50க்கும் இடைப்பட்ட பாபிலோனியக் களிமண் பலகைகளில், வியாழன் 60 நாளில் கடந்த தொலைவு ஒரு சரிவகத்தின் பரப்பாகக் கணிக்கப்பட்டிருப்பதை மத்தியூ ஒசென்டிரைவர் 2016இல் எடுத்துக்காட்டினார். நாளொன்றுக்கு 12 கலையாக இருந்த வேகம் 9.5 கலையாகக் குறைகிறது. இரண்டின் சராசரியை 60ஆல் பெருக்க 645 கலை, அதாவது 10 பாகை 45 கலை கிடைக்கிறது. இதுவே சரிவக விதி.

நேர்கோட்டுக்கு இரண்டு புள்ளிகள் போதும். பரவளையத்துக்கு மூன்று வேண்டும். அடுத்தடுத்த இரு பட்டைகளின் மூன்று புள்ளிகள் வழியே ஒரு பரவளைய வில்லை வரைந்து, அதன்கீழ் அடங்கும் பரப்பைக் கூட்டிச் செல்வது இரண்டாம் முறை. நெசவாளராக வாழ்க்கையைத் தொடங்கி ஆசிரியரான தாமஸ் சிம்ப்சன் 1743இல் இதை வெளியிட்டார். கவாலியேரி, கிரிகோரி ஆகியோர் முன்பே அறிந்திருந்தும் விதிக்குச் சிம்ப்சன் பெயரே நிலைத்தது.

இவ்விரு விதிகளும் தோராயமானவையே. எத்தனை பட்டைகளுக்குப் பின் நிறுத்தலாம் என்பதைச் சொல்ல விடை மட்டும் போதாது. பிழை எவ்வளவுக்கு மேல் போகாது என்ற உறுதியும் வேண்டும். பிற்காலப் பகுப்பாய்வு அதைத் தந்தது:

சரிவகம்: |E| ≤ (b−a)³M₂ / 12n²
சிம்ப்சன்: |E| ≤ (b−a)⁵M₄ / 180n⁴

இங்கு n பட்டைகளின் எண்ணிக்கை. M₂, M₄ என்பன இரண்டாம், நான்காம் வகைக்கெழுக்களின் உச்ச அளவுகள். பரவளையம் இருபடி வளைவாயிற்றே, மூன்றாம் வகைக்கெழு எங்கே போயிற்று? நடுப்புள்ளியின் இருபுறமும் முப்படி உறுப்பு தரும் பிழைகள் சம அளவில், எதிர்க்குறியில் அமைந்து ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன. அதனால் முப்படிக் கோவைக்கும் விடை துல்லியமாகவே வருகிறது.

1/x என்ற சார்பை 1 முதல் 2 வரை தொகையிட்டால் ln 2 = 0.693147… கிடைக்கும். நான்கு பட்டைகளோடு சரிவக விதி 0.697024 தருகிறது, சிம்ப்சன் விதி 0.693254 தருகிறது. பிழை பத்து லட்சத்தில் ஒன்றைத் தாண்டக்கூடாது என்று கொள்வோம். x = 1இல் M₂ = 2, M₄ = 24. எனவே சரிவகத்தின் எல்லை 1/(6n²), அது 0.000001க்குள் அடங்க n குறைந்தது 409 ஆக வேண்டும். சிம்ப்சனின் எல்லை 2/(15n⁴), n 19.1ஐத் தாண்ட வேண்டும், இரட்டைப்படையாகவும் இருக்க வேண்டும். ஆக, 20 பட்டைகளே போதும். கையால் கணக்கிட்ட காலத்தில் 409 வகுத்தல்களுக்கும் 20க்கும் உள்ள வேறுபாடு ஒரு நாளின் உழைப்பு.

எல்லை என்பது உண்மைப் பிழையன்று. அதன் மேல்வரம்பு மட்டுமே. மேற்கண்ட நான்கு பட்டைக் கணக்கில் சிம்ப்சனின் எல்லை 0.000521, உண்மைப் பிழையோ 0.000107தான். இந்த உறுதியும் வகைக்கெழு வரம்புக்குள் இருக்கும்வரையே செல்லும். √x என்ற சார்பை 0 முதல் தொகையிட்டால், தொடக்கப் புள்ளியில் M₂, M₄ இரண்டும் முடிவிலியாகின்றன. சூத்திரம் எதையும் உறுதி செய்யாது. இதைக் கணக்கே காட்டிக்கொடுக்கும். பட்டைகளை இரட்டிப்பாக்கினால் சரிவகப் பிழை நான்கில் ஒன்றாகவும், சிம்ப்சன் பிழை பதினாறில் ஒன்றாகவும் குறைய வேண்டும். √xக்கோ இரண்டு விதிகளிலும் பிழை ஏறத்தாழ 2.8இல் ஒன்றாகவே குறைகிறது. பரவளையத்தின் மேன்மை அங்கே மறைந்துவிடுகிறது.

லின்ஸ் வணிகரின் கோலும் இப்படித்தான். ஆஸ்திரியப் பீப்பாய்களின் விகிதம், ஒரே கோல் அளவுக்குப் பெருமக் கொள்ளளவு தரும் விகிதத்தை நெருங்கியிருந்ததால், வடிவம் சிறிது மாறினாலும் கொள்ளளவு பெரிதும் மாறவில்லை என்று கெப்ளர் கண்டார். கோல் சரியாகவே அளந்தது. எதுவரை சரி என்பதைச் சொல்லக் கணிதம் வேண்டியிருந்தது.