கட்டத்துக்கு எதிரே என்ன எழுதுவது?
புதிர்ப்பாதை ரோபோவும் கியூ அட்டவணையும்: 1950 முதல் 1994 வரை

ஆய்வுச் சுருக்கம்

புதிர்ப்பாதையில் வழி கண்டுபிடிக்கும் இயந்திரம் எதுவானாலும், தான் கடந்த ஒவ்வொரு கட்டத்தைப் பற்றியும் ஏதோ ஒரு குறிப்பை வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் குறிப்பு என்னவாக இருந்தது, எப்படி மாறியது என்பதைக் கிளாட் ஷானனின் எலியிலிருந்து கிறிஸ் வாட்கின்ஸின் கியூ அட்டவணை வரை இக்கட்டுரை தொடர்கிறது. ஆறு கட்டங்கள் கொண்ட ஒரு சிறு புதிர்ப்பாதையைக் கையால் கணக்கிட்டு, எண்கள் இலக்கிலிருந்து பின்னோக்கி ஊரும் விதத்தைக் காட்டுகிறது. அந்த அட்டவணை எங்கே போதாமல் போகிறது என்பதையும் ஆராய்கிறது.

1. சிக்கல்

ஏபியூ ரோபோகான் சர்வதேசப் போட்டி 2008இலும் 2014இலும் புனேயில் நடந்தது. அந்தப் போட்டியில் களத்தின் அளவும் விதிகளும் முன்கூட்டியே அறிவிக்கப்படும். மாணவர்கள் மாதிரிக் களம் அமைத்துப் பயிற்சி செய்து, ரோபோ எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதை எழுதிக் கொடுத்துவிடலாம். அங்கே அறிவு மாணவரிடம் இருக்கிறது. ரோபோ அதை நிறைவேற்றுகிறது.

களம் முன்பே தெரியாவிட்டால் நிலைமை வேறு. ரோபோ ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு திசையைத் தேர்ந்தெடுக்கிறது. அது நல்ல தேர்வா என்று அந்த நொடியில் சொல்ல ஆள் இல்லை. பல அடிகள் தாண்டி இலக்கை எட்டிய பிறகுதான் பரிசு கிடைக்கிறது. கடைசியில் கிடைத்த பரிசில் முதல் அடிக்கு எவ்வளவு பங்கு? வலுவூட்டல் கற்றலின் அடிப்படைக் கேள்வி இதுதான்.

2. ஷானன்: ஒரு திசை

பெல் ஆய்வகத்தில் ஷானன் 1950இல் தீசியஸ் என்ற எலியை உருவாக்கினார். 25 கட்டங்கள் கொண்ட பலகையில் சுவர்களை விரும்பியபடி மாற்றி அமைக்கலாம். எலிக்குள் இருந்தது வெறும் காந்தம்தான். அதை இழுத்துச் செல்லும் மின்காந்தமும் நினைவாகச் செயல்பட்ட ரிலேக்களும் பலகைக்கு அடியில் இருந்தன.

ஒவ்வொரு கட்டத்துக்கும் அந்த இயந்திரம் வைத்திருந்த குறிப்பு ஒன்றே ஒன்று: கடைசியாக எந்தத் திசையில் இந்தக் கட்டத்தை விட்டு வெளியேறினேன்? திசைகள் நான்கு என்பதால் கட்டத்துக்கு இரண்டு ரிலேக்கள் போதும். ஒருமுறை இலக்கை அடைந்த பிறகு, முன்பு கடந்த எந்தக் கட்டத்தில் எலியை வைத்தாலும் குறிப்புகளைப் பின்பற்றி அது நேராகப் போய்ச் சேரும்.

இந்தக் குறிப்பில் தரம் என்ற பேச்சு இல்லை. இலக்குக்கு இரண்டு வழிகள் இருந்தால், முதலில் அகப்பட்டதையே எலி பிடித்துக்கொள்ளும். மற்றது குறுகிய வழியா என்று ஒப்பிட அதனிடம் எண் கிடையாது.

3. மிச்சி: மணிகளின் எண்ணிக்கை

அந்தக் குறையின் ஒரு பகுதியை நிரப்பியவர் பிரிட்டனைச் சேர்ந்த டொனால்ட் மிச்சி. கணினி இல்லாமல், 304 தீப்பெட்டிகளைக் கொண்டு 1961இல் மெனஸ் என்ற இயந்திரத்தை அமைத்தார். அது மூன்றுக்கு மூன்று கட்டத்தில் ஆடும் எக்ஸ்-ஓ ஆட்டத்தைக் கற்றது. ஆட்டத்தின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பெட்டி. பெட்டிக்குள் வண்ண மணிகள். ஒவ்வொரு வண்ணமும் ஒரு நகர்வைக் குறிக்கும். பெட்டியைக் குலுக்கி வரும் மணியின்படி ஆட வேண்டும். வென்றால் பயன்படுத்திய பெட்டிகளில் அதே வண்ண மணிகள் கூடும், தோற்றால் குறையும்.

இப்போது குறிப்பு எண்ணாகிவிட்டது. ஒரு நிலையில் ஒவ்வொரு செயலும் எவ்வளவு நல்லது என்பதை மணிகளின் எண்ணிக்கை சொல்கிறது. ஆனால் ஆட்டம் முடியும்வரை எந்தப் பெட்டியும் மாறாது. முடிந்த பிறகு ஆட்டத்தின் எல்லா நகர்வுகளுக்கும் ஒரே அளவில் பரிசு அல்லது தண்டனை. நடுவில் ஆடிய சிறந்த நகர்வும் கடைசியில் செய்த பிழையும் ஒன்றாகவே தண்டிக்கப்படும்.

4. வாட்கின்ஸ்: அடுத்த கட்டத்தைக் கேட்பது

ஒவ்வோர் அடியின் பங்கையும் பிரித்தறிய ரிச்சர்ட் பெல்மன் 1950களில் ஒரு கணித வழி காட்டியிருந்தார். ஒரு நிலையின் மதிப்பை அடுத்த நிலையின் மதிப்பைக் கொண்டு எழுதலாம் என்பது அவருடைய கருத்து. ஆனால் அவருடைய முறைக்கு முழு வரைபடமும் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். இறுதி விடைக்குக் காத்திராமல், அடுத்த கணத்தின் மதிப்பீட்டைக் கொண்டே இந்தக் கணத்தின் மதிப்பீட்டைத் திருத்தும் முறையை ரிச்சர்ட் சட்டன் 1988இல் முறைப்படுத்தினார்.

1989இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் வாட்கின்ஸ் இரண்டையும் இணைத்தார். நிலைக்கு ஓர் எண் என்பதை விட்டு, நிலை–செயல் இணைக்கு ஓர் எண் வைத்தார். வரிசைகள் கட்டங்கள், பத்திகள் நான்கு திசைகள். அதுதான் கியூ அட்டவணை. ஒவ்வோர் அடிக்குப் பிறகும் ஒரே ஓர் எண் திருத்தப்படும்:

```
best = 0 if s2 == goal else max(Q[s2])
Q[s][a] += alpha * (r + gamma * best - Q[s][a])
```

இங்கே `s` இருந்த கட்டம், `a` எடுத்த திசை, `r` கிடைத்த பரிசு, `s2` போய்ச் சேர்ந்த கட்டம். `gamma` தொலைவில் உள்ள பரிசின் மதிப்பைக் குறைக்கிறது. `alpha` பழைய எண்ணைப் புதிய தகவலை நோக்கி எவ்வளவு நகர்த்துவது என்று தீர்மானிக்கிறது. வரைபடம் எங்கும் தேவைப்படவில்லை. ரோபோ தான் நடந்து கண்டதே போதும்.

5. ஆறு கட்டங்களில் ஒரு கணக்கு

மேல் வரிசையில் 1, 2, 3. கீழ் வரிசையில் 4, 5, 6 என்று கட்டங்களை வைத்துக்கொள்வோம். தொடக்கம் 1, இலக்கு 6. 2க்கும் 5க்கும் இடையில் ஒரு சுவர், 5க்கும் 6க்கும் இடையில் இன்னொரு சுவர். ஆகவே சரியான வழி 1, 2, 3, 6. கீழே இறங்கினால் 4, 5 என்று போய் முட்டுச்சந்தில் முடியும். 6ஐ அடைந்தால் பரிசு 100, மற்ற அடிகளுக்கு 0. `alpha` 0.5, `gamma` 0.9. அட்டவணை முழுவதும் பூஜ்யத்தில் தொடங்குகிறது.

முதல் ஓட்டத்தில் ரோபோ எப்படியோ அலைந்து 3க்கு வந்து கீழே இறங்குகிறது. அந்த ஒரே அடிக்குத்தான் பரிசு. ஆகவே கட்டம் 3, கீழ் = 50. மற்றவை எல்லாம் இன்னும் பூஜ்யம்.

இரண்டாம் ஓட்டத்தில் அது நேர்வழியில் போனது என்று கொள்வோம். 2இலிருந்து வலப்பக்கம் போகும்போது 3இன் வரிசையில் இருக்கும் பெரிய எண்ணைப் பார்க்கிறது. அது 50. அதில் 0.9 பங்கு 45, அதன் பாதி 22.5. ஆகவே கட்டம் 2, வலம் = 22.5. பிறகு கட்டம் 3, கீழ் 75 ஆகிறது.

மூன்றாவது ஓட்டமும் அதே வழியில் போனால் தொடக்கக் கட்டத்துக்குச் செய்தி எட்டுகிறது: கட்டம் 1, வலம் = 10.125; கட்டம் 2, வலம் = 45; கட்டம் 3, கீழ் = 87.5. மூன்று அடி நீளமுள்ள வழியில், பரிசின் செய்தி பின்னோக்கி வந்து சேர மூன்று ஓட்டங்கள் ஆயின. வழி நீளமானால் காத்திருப்பும் நீளும். எளிய அட்டவணை முறை மெதுவாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

எல்லாக் கட்டங்களையும் எல்லாத் திசைகளையும் போதிய முறை முயன்றால், சரியான வழியின் எண்கள் 100, 90, 81 ஆகிய மதிப்புகளை நெருங்கும். முட்டுச்சந்தை நோக்கிய அடியான கட்டம் 1, கீழ் பூஜ்யத்தில் நிற்காது, 65.61ஐ நெருங்கும். தவறான அடி வைத்தாலும் திரும்பி வந்து இலக்கை அடைய முடியும் என்பதால், அந்த இரண்டு வீண் அடிகளின் விலை மட்டுமே கழிகிறது. 81ஐ 0.9ஆல் இருமுறை பெருக்கினால் 65.61 வருவதைச் சரிபார்க்கலாம். எண்கள் இப்படித் தம் இடத்தை அடையும் என்பதை வாட்கின்ஸும் பீட்டர் டாயனும் 1992இல் நிறுவினர். அதற்கு நிபந்தனை உண்டு: ஒவ்வோர் இணையும் முடிவின்றி முயலப்பட வேண்டும், `alpha` தக்க வேகத்தில் குறைந்துகொண்டே போக வேண்டும்.

6. மேசையிலிருந்து தரைக்கு

ஐஐடி கான்பூரில் படித்த ஸ்ரீதர் மகாதேவனும் ஜோனதன் கானலும் ஐபிஎம் ஆய்வு மையத்தில் ஓபெலிக்ஸ் என்ற உண்மையான ரோபோவுக்குக் கியூ-கற்றல் வழியே பெட்டியைத் தள்ளக் கற்றுக்கொடுத்தனர். அதன் விவரங்கள் 1992இல் வெளிவந்தன. எட்டு மீயொலி உணரிகளும் வேறு இரண்டு சமிக்ஞைகளும் சேர்ந்து, ரோபோ காணும் நிலை 18 பிட் நீளமாயிற்று. அதாவது 2,62,144 நிலைகள். ஐந்து செயல்களால் பெருக்கினால் அட்டவணையில் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்கள். அத்தனை இடங்களிலும் ரோபோ ஒருநாளும் போய் நின்றிருக்காது. ஆகவே ஒத்த நிலைகளைக் கூட்டாகத் திருத்தும் வழிகளை அவர்கள் நாடினர். வேலையையும் பெட்டியைக் கண்டுபிடித்தல், தள்ளுதல், சிக்கினால் விடுபடுதல் என மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே கற்கவைத்தனர்.

இந்தத் துறை இந்தியாவில் முறையாக அறிமுகமானதற்கு முக்கியச் சான்று 1994இல் கிடைக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த எஸ். சத்திய கீர்த்தியும் பி. ரவீந்திரனும் இந்திய அறிவியல் கழகத்தின் 'சாதனா' இதழில் வலுவூட்டல் கற்றல் குறித்து ஒரு பாடமுறை மதிப்பாய்வை வெளியிட்டனர். ரவீந்திரன் பின்னர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ பார்ட்டோவிடம் முனைவர் பட்டம் பெற்று, ஐஐடி மெட்ராஸில் பேராசிரியரானார். என்பிடெல் வழியே அவர் நடத்திய பாடம் இந்திய மாணவர் பலருக்கு இத்துறையின் நுழைவாயிலாக அமைந்தது.

7. சிறு ரோபோவில் வரும் கோளாறுகள்

மைக்ரோமவுஸ் போட்டியின் வழக்கமான புதிர்ப்பாதை 16×16 கட்டங்கள். நான்கு திசைகளுக்கு 1,024 எண்கள். ஓர் எண்ணுக்கு 4 பைட் என்றால் 4,096 பைட். ஆர்டுயினோ ஊனோவின் நினைவகமோ 2,048 பைட்தான். 8×8 ஆகச் சுருக்கினால் 1,024 பைட், தாராளமாக அடங்கும். கற்றதை மின்சாரம் நின்றாலும் காக்க ஈபிராமில் எழுதலாம். அதன் ஒவ்வோர் இடமும் சுமார் ஒரு லட்சம் முறைதான் எழுதத் தாங்கும் என்பதால், அடிக்கடி எழுதாமல் ஓட்டம் முடியும்போது மட்டும் எழுதுவது நல்லது.

தொடக்கத்தில் எல்லா எண்களும் பூஜ்யம் என்பது ஒரு பொறி. பெரிய எண்ணைத் தேடும் நிரல் எப்போதும் முதல் பத்தியையே எடுத்தால், ரோபோ ஒரே சுவரில் முட்டிக்கொண்டே நிற்கும். சமமான எண்களுக்குள் குலுக்கல் முறையில் தேர்வதும், பத்தில் ஓர் அடியையாவது குருட்டாம்போக்கில் வைப்பதும் இதற்கு மருந்து.

இரண்டாவது கோளாறு அட்டவணையைப் பார்த்தாலே தெரியும். மேற்கண்ட கணக்கில் எந்த எண்ணும் 100ஐத் தாண்ட வழியில்லை. தாண்டினால், நிரலின் முதல் வரியில் உள்ள இலக்குச் சோதனை விடுபட்டு, இலக்கை அடைந்த பின்னும் ஓட்டம் நிற்காமல் பரிசு திரும்பத் திரும்பச் சேர்கிறது என்று பொருள். அப்படியே விட்டால் எண் 1,000 வரை ஏறும்.

மூன்றாவதைக் கண்டுபிடிப்பது கடினம். சக்கரம் வழுக்கி, ரோபோ 2இல் இருந்துகொண்டு 3இல் இருப்பதாக நினைத்தால், அது திருத்துவது வேறொரு கட்டத்தின் வரிசையை. பாவனை ஓட்டத்தில் படிப்படியாகக் குறைந்த அடிகளின் எண்ணிக்கை தரையில் ஏறி இறங்கினால், நிரலைக் குடைவதற்கு முன் ரோபோ தன் இடத்தை அறியும் முறையைச் சோதிக்க வேண்டும்.

8. முடிவு

திசை, மணி எண்ணிக்கை, அடுத்த கட்டத்தைக் கேட்டுத் திருத்தப்படும் எண் என்று கட்டத்துக்கு எதிரே எழுதப்படுவது மாறிவந்திருக்கிறது. கடைசி வடிவம் எல்லாவற்றையும் வென்றுவிடவில்லை. மைக்ரோமவுஸ் போட்டியாளர்கள் இன்றும் பெரும்பாலும் சுவர்களைக் குறித்துக்கொண்டு, இலக்கிலிருந்து தூரத்தை நிரப்பிவரும் முறையையே கையாள்கின்றனர். கட்டங்கள் ஒழுங்காக அமைந்த, மாறாத புதிர்ப்பாதைக்கு அதுவே வேகமானது. சில ஓட்டங்களிலேயே வேலை முடிந்துவிடும்.

அட்டவணையின் இடம் வேறு. செயலின் விளைவு உறுதியில்லாத இடத்திலும், வரைபடம் எழுதிக் கொடுக்க முடியாத இடத்திலும் அதே இரண்டு வரி நிரல் வேலை செய்யும். நிலைகள் லட்சங்களைத் தொடாதவரை, அதிலுள்ள எந்த எண்ணையும் பென்சிலும் தாளும் கொண்டு சரிபார்க்க முடியும். அட்டவணைக்குப் பதில் நரம்பு வலைகளை வைக்கும் பின்னாளைய முறைகளில் இந்த வசதி இல்லை. அதனால்தான் கற்பவர் முதலில் ஆறு கட்டங்களில் 81ஐயும் 65.61ஐயும் தாமே வரவழைத்துப் பார்த்துவிட்டு மேலே செல்வது தகும்.