சேனல் டிரெய்லரும் பின் செய்த கருத்தும்

யூடியூபில் சேனல் டிரெய்லர் என்பது சந்தா சேராதவர்களுக்கென்றே வைக்கும் வீடியோ. சேனலின் முகப்பில் அது அவர்களுக்குத்தான் தெரியும்; சேர்ந்தவர்களுக்கு அந்த இடத்தில் வேறொரு வீடியோவை வைக்கலாம். பூந்தமல்லியில் பிரியாணி சேனல் நடத்தும் ஒருவர், தன் கணக்கிலேயே பார்த்துவிட்டு டிரெய்லரைக் காணோம் என்று பதறுவார் என வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் அது பிழையல்ல. கணக்கில் நுழையாமல், பிரவுசரின் மறைநிலைச் சாளரத்தில் சேனலைத் திறந்தால் புதியவர் காண்பதை அவரும் காண்பார்.

பின் செய்த கருத்துக்கு இந்தப் பாகுபாடு இல்லை. வீடியோவைப் பார்க்கும் எவருக்கும் அது கருத்துகளின் உச்சியில் நிற்கும். ஒரு வீடியோவுக்கு ஒன்றுதான். புதிதாகப் பின் செய்தால் பழையது இறங்கிவிடும். ‘சிறுவர்களுக்கானது’ என்று குறித்த வீடியோவில் கருத்துப்பகுதியே கிடையாது, ஆகவே பின் செய்யவும் வழியில்லை.