எட்டுப் புள்ளிக் கட்டங்கள்: டீபிளாக்கிங் வளர்ந்த வழி

2005-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கைபேசியில் எடுத்த ஒரு 3ஜிபி காணொளியை இன்றைய திரையில் முழு அளவுக்கு விரித்தால், முகம் தெரிவதற்கு முன்பே கட்டங்கள் கண்ணில் படும். சுவர், கன்னம், வானம் என்று நிறம் மெல்ல மாற வேண்டிய இடங்களெல்லாம் சதுரம் சதுரமாக உடைந்திருக்கும். அதை அப்படியே நான்கு மடங்கு பெரிதாக்கினால் சதுரங்களும் நான்கு மடங்கு பெரிதாகும். கூர்மையூட்டும் மென்பொருள் அவற்றின் ஓரங்களை இன்னும் பளிச்சென்று காட்டும். பெரிதாக்குவதற்கு முன்பே கட்டங்களை நீக்கிவிட வேண்டும் என்று இத்துறையில் வேலை செய்பவர்கள் வற்புறுத்துவதன் காரணம், இந்தக் கட்டங்கள் பிறந்த கதையிலேயே இருக்கிறது.

பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் 1974 ஜனவரியில் டிசிடி என்ற கணித உருமாற்றத்தை வெளியிட்டார்கள். பின்னாளில் ஜேபெக் படமும் எம்பெக் காணொளியும் அதன்மேல்தான் எழுந்தன. படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் சில அலைகளின் கூட்டாக எழுதி, அந்த அலைகளின் அளவுகளைத் தோராயமாக்கிச் சேமிப்பது முறை. ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டத்தைக் கேட்காமல் தனித்தனியே தோராயமாக்கப்படுகிறது. எல்லையில் இரண்டும் பொருந்தாமல் போவதற்கு அதுவே காரணம்.

பொருந்தாமை எவ்வளவு என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். பழைய 3ஜிபி கோப்புகளில் பெரும்பாலும் இருப்பது எச்.263. அதன் அடிப்படை நிலையில் படம் 176க்கு 144 புள்ளி, நொடிக்கு அதிகபட்சம் 15 சட்டகம், 64,000 பிட். அப்படியானால் ஒரு சட்டகத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 4,270 பிட். பதினாறுக்குப் பதினாறு புள்ளி கொண்ட 99 பெருங்கட்டங்கள் அதைப் பங்கிட்டால் ஆளுக்கு 43 பிட்தான் தேறும். 256 புள்ளிகளின் ஒளியும் நிறமும் நகர்வும் அதற்குள் அடங்க வேண்டும். காட்சி அசைந்தால் குறியாக்கி தோராயத்தைக் கூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. எச்.263-இல் தோராய எண் 31 வரை போகும். படி அதன் இரு மடங்கு, அதாவது 62. முந்தைய சட்டகத்திலிருந்து ஊகிக்கப்படும் கட்டத்தின் சராசரி ஒளிக்கு இது ஏறத்தாழ 8 நிலைகள். 256 நிலைகள் கொண்ட படத்தில், வெற்றுச் சுவரில் 8 நிலை திடீரென்று தாவினால் யார் கண்ணுக்கும் தப்பாது.

இதற்கு மருந்து தேடியவர்களில் ரீவும் லிம்மும் முன்னோடிகள். 1984-இல் அவர்கள் இரண்டு வழிகளைச் சோதித்தார்கள்: கட்டங்களைச் சற்றே ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் குறியாக்குவது ஒன்று, பிரித்த பிறகு எல்லையோரப் புள்ளிகளை மட்டும் மெல்ல மங்கலாக்குவது இன்னொன்று. முதல் வழிக்குக் கூடுதல் பிட் செலவாகும், இரண்டாவதற்குச் செலவில்லை. எல்லை எங்கே என்று தெரிந்தால்தான் இரண்டாவது வழி நடக்கும் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

காணொளி அழைப்புக்கான எச்.261 தரத்திலும் ஒரு வடிகட்டி இருந்தது. ஆனால் அது ஒவ்வொரு கட்டத்துக்குள்ளேயே மென்மையாக்கியது, எல்லையைத் தாண்டவில்லை. எச்.263-க்கு 1998-இல் வந்த விரிவாக்கத்தில் எல்லையை நேரடியாகக் கையாளும் வடிகட்டி சேர்ந்தது. அதுவும் விருப்பப் பகுதியாகத்தான். கைபேசிகளின் அடிப்படை நிலையில் அதற்கு இடமில்லை. உண்மையான திருப்பம் 2003-இல் எச்.264-உடன் வந்தது. எல்லையின் இரு பக்கப் புள்ளிகளுக்கு இடையிலான வேறுபாடு ஒரு வரம்புக்குள் இருந்தால் அது தோராயத்தால் வந்த தாவல் என்று கருதி மென்மையாக்குவது, மீறினால் உண்மையான உருவ விளிம்பு என்று விட்டுவிடுவது என்பது அதன் விதி. வரம்பும் தோராய எண்ணைப் பொறுத்துக் கூடும், குறையும். இப்படித் துப்புரவான சட்டகத்திலிருந்தே அடுத்த சட்டகம் ஊகிக்கப்படுவதால் பிழை சங்கிலியாகத் தொடர்வதும் குறைந்தது.

முந்தைய தலைமுறைக் கோப்புகளில் அந்தச் சங்கிலி அறுபடவே இல்லை. முந்தைய சட்டகத்தின் கட்ட எல்லை, நகர்வு ஊகத்தின் வழியாக அடுத்த சட்டகத்தின் கட்டத்துக்கு நடுவே வந்து உட்கார்ந்துவிடும். எட்டின் மடங்குகளில் மட்டும் தேய்க்கும் வடிகட்டிக்கு அது தெரியாது.

இந்தச் சிக்கலுக்கு அழகான விடை ஆரியா நொஸ்ரட்டினியாவின் 1999 ஆய்வில் கிடைத்தது. கெட்டுப்போன படத்தை ஒரு புள்ளி, இரண்டு புள்ளி என்று தள்ளித் தள்ளி வைத்து, ஒவ்வொரு முறையும் மீண்டும் சுருக்கி விரித்து, எல்லா விடைகளையும் சராசரி எடுப்பது அவர் முறை. ஒவ்வொரு தள்ளலிலும் கட்டக்கோடு வேறு இடத்தில் விழுவதால் சராசரியில் கோடுகள் கரைகின்றன. எல்லாத் தள்ளல்களிலும் நிலைத்து நிற்கும் உருவ விளிம்பு தங்கிவிடுகிறது. மைக்கேல் நீடர்மையர் எழுதிய `spp` வடிகட்டிக்கு அடிப்படை இதுதான். எஃப்எஃப்எம்பெக்கில் அது இன்றும் இருக்கிறது.

நம் 176க்கு 144 காணொளிக்கு வேலை இப்படி நடக்கும். முதலில் `ffprobe clip.3gp` என்று கேட்டுக் கோப்பின் வகையை உறுதி செய்ய வேண்டும். `h264` என்று வந்தால் துப்புரவு ஏற்கெனவே உள்ளே நடந்திருக்க வாய்ப்பு அதிகம், லேசாகத் தொட்டால் போதும். `h263` என்றால்:

```
ffmpeg -i clip.3gp -vf "spp=4:20,scale=704:576:flags=lanczos" -c:v libx264 -crf 16 -c:a aac out.mkv
```

இதில் 4 என்பது 16 தள்ளல்களைக் குறிக்கும். 6 கொடுத்தால் 64 தள்ளல்களும் நடக்கும், நேரமும் அதற்கேற்பக் கூடும். 20 என்பது தோராய எண். எத்தனை கடுமையாகச் சிற்றலைகளை வெட்டலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அதைக் கண்ணால் மட்டும் முடிவு செய்தால் ஏமாறுவோம். எடுத்துவிட்டது என்ன என்பதைத் தனியே பார்ப்பது நல்லது:

```
ffmpeg -i clip.3gp -filter_complex "split[a][b];[b]spp=4:20[c];[a][c]blend=all_mode=grainextract" diff.mkv
```

சாம்பல் நிறப் பின்னணியில் கட்டக்கோடுகளும் விளிம்போரக் கசிவுகளும் மட்டும் தெரிந்தால் எண் சரி. மூக்கின் கோடு, புருவம், சட்டைக் கட்டம் ஆகியவை அடையாளம் தெரியும்படி வந்தால் படத்தையே சுரண்டுகிறோம் என்று பொருள். 16, 12 என்று இறக்க வேண்டும். அசைவு மிகுந்த காட்சிக்கு 24 தேவைப்படலாம், நிலையான காட்சிக்கு 12 போதலாம். ஒரே எண்ணை முழுக் கோப்புக்கும் போடுவதைவிடக் காட்சிவாரியாகப் பிரித்துக்கொள்வதே நல்லது.

கட்டளையில் `spp` முன்னும் `scale` பின்னும் இருப்பது மிக முக்கியம். மாற்றிப் போட்டால் எட்டுப் புள்ளிக் கட்டம் 32 புள்ளியாகிவிடும். ஒரே புள்ளியில் நடந்த தாவல் பல புள்ளிகளுக்கு இழுபட்டு, உண்மையான நிழல் மாற்றம் போலவே தோன்றும். எட்டுப் புள்ளிச் சன்னலில் பார்க்கும் வடிகட்டி அதைத் தொடாது. நரம்பியல் வலைகளால் பெரிதாக்குபவர்களுக்கும் இது பொருந்தும். துப்புரவான படங்களைச் சிறிதாக்கி மட்டுமே பயிற்சி பெற்ற வலை, கட்டக்கோட்டை உருவத்தின் பகுதி என்று நம்பி வரைந்து கொடுக்கும். 2021-இன் ரியல்-எஸ்ர்கான் பயிற்சியிலேயே ஜேபெக் சிதைவைக் கலந்ததால் ஓரளவு தாங்கும். ஆனாலும் கனத்த கட்டங்களை அதனிடம் விட்டால் தோல் மெழுகுபோல வழுவழுப்பாகிவிடும்.

கோப்பு வழியில் யாராவது ஏற்கெனவே அளவு மாற்றியிருந்தால் இந்த முறைகள் தடுமாறும். 176க்கு 144-இல் பிறந்ததை 320க்கு 240 ஆக்கி மறுபடி சுருக்கியிருந்தால், பழைய கட்டம் அகலத்தில் 14.5, உயரத்தில் 13.3 புள்ளியாக நிற்கும். புதிய எட்டுப் புள்ளிக் கட்டம் அதன்மேல் படிந்திருக்கும். பெரிதாக்கிய சட்டகம் ஒன்றில் கோடுகளின் இடைவெளியை எண்ணினால் இது வெளிப்படும். அப்போது படத்தை முதலில் 176க்கு 144 அளவுக்கே இறக்கி, பழைய கட்டத்தை எட்டுப் புள்ளிக்குக் கொண்டுவந்த பிறகு `spp` போடுவதே பயன் தரும். ஓரங்கள் வெட்டப்பட்டிருந்தால் கோடுகள் எட்டின் மடங்கிலிருந்து விலகி நிற்கும். தள்ளிப் பார்க்கும் `spp` அதைத் தாங்கும். எட்டின் மடங்குகளை மட்டும் தேடும் `deblock` போன்ற வடிகட்டிக்கு, வெட்டிய அளவுக்கு ஓரத்தை முதலில் ஈடுகட்டிக் கொடுக்க வேண்டும்.