எஸ்.ஓ.எஸ். (மருந்துச் சீட்டில்)

லத்தீனில் 'ஸி ஓபுஸ் ஸிட்' என்ற தொடரின் முதலெழுத்துகள். 'தேவைப்பட்டால்' என்று பொருள். ஆபத்தில் சிக்கிய கப்பல்கள் அனுப்பும் எஸ்.ஓ.எஸ். வேறு. அது 1906இல் பெர்லின் மாநாட்டில் ஏற்கப்பட்ட தந்திக் குறி; எந்தத் தொடரின் சுருக்கமும் அல்ல. இரண்டையும் ஒன்றாக்கிச் சீட்டில் 'அவசரம்' என்று பெயர்த்தால், நோயாளி மாத்திரையை உடனே விழுங்குவார், அல்லது உயிர் போகும் நிலை வரட்டும் என்று காத்திருப்பார்.

ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு ஆங்கில டிஸ்சார்ஜ் சீட்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 'பாரசிட்டமால் 650 மி.கி. எஸ்.ஓ.எஸ்.' என்றிருக்கிறது. 'தேவைப்பட்டால்' என்று எழுதினால் மட்டும் போதாது. எதற்கு, எவ்வளவு, எத்தனை மணி இடைவெளியில், ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை என்ற நான்கும் வேண்டும். சீட்டில் இல்லாததை மொழிபெயர்ப்பவர் ஊகித்து நிரப்பக் கூடாது. மருத்துவரிடம் கேட்டே எழுத வேண்டும். அவர் சொன்னபின் அந்த வரி இப்படி அமையலாம்:

"காய்ச்சலோ வலியோ இருந்தால் மட்டும் 650 மி.கி. மாத்திரை ஒன்று. அடுத்ததை 6 மணி நேரம் கழித்தே போடவும். 24 மணி நேரத்தில் 4 மாத்திரைக்கு மேல் கூடாது. இத்துடன் பாரசிட்டமால் கலந்த சளி மாத்திரை எதையும் சேர்க்க வேண்டாம். அளவு மீறினால் கல்லீரல் கெடும்."

'ஒரு நாளைக்கு 4' என்று மட்டும் எழுதினால் தினமும் நான்கு கட்டாயம் என்று படிக்கப்படும். 'இருந்தால் மட்டும்', 'மேல் கூடாது' ஆகிய சொற்களே அதைத் தடுக்கின்றன.