சின்ன ஈடு, முழு வெயில்

எங்கள் தெருவில் நாலாவது வீட்டுக் கதவில் இந்த வருஷமும் அந்தத் தாளை ஒட்டிவிட்டார்கள். புதுச்சேரியில் கோடை தொடங்கிவிட்டது என்று நான் அறிந்துகொள்வது அந்தத் தாளைப் பார்த்துத்தான்.

"மாவடு பங்குனி முதல் வாரம் முதல். அரிசி வடாம், வெங்காய வடவம் சித்திரையில். ஒரு ஈட்டுக்கு 5 கிலோ வெங்காயம் மட்டும். ஒரு ஈடு காய்ந்து டப்பாவில் ஏறிய பிறகே அடுத்த ஈடு. மூட்டம் போட்டால் தேதி தள்ளிப்போகும், மன்னிக்கவும். அவசரம் என்பவர்கள் கடையில் வாங்கிக்கொள்ளவும்."

உத்தியோக காலத்தில் நான் தட்டச்சு செய்த அறிவிப்புகளுக்குக் கணக்கில்லை. ஓர் அறிவிப்பில் விசித்திரமான நிபந்தனை இருந்தால், முன்பு எப்போதோ ஏதோ ஒன்று தவறாகப் போயிருக்கிறது என்று அர்த்தம். இந்தத் தாளில் உள்ள "ஒரு ஈட்டுக்கு 5 கிலோ" என்ற வரி எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும். அதை முதலில் எழுதியவன் நான்தான். அந்தக் கதையை இங்கே பதிந்து வைக்கிறேன்.

பிரெஞ்சு இந்தியாவை இந்தியாவுக்குக் கொடுக்கும் ஒப்பந்தம் 1956 மே 28-இல் கையெழுத்தானது. அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-இல். இங்கே பிறந்து இங்கேயே வசித்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் தெருவில் சில குடும்பங்கள் எழுதிக் கொடுத்தன. அவர்களில் பலர் முன்பே சைகோனில் வேலை பார்த்தவர்கள், பட்டாளத்தில் இருந்த சொல்தாக்கள். அவர்கள் பிரான்சுக்கு மூட்டை கட்டியபோது எடுத்துப்போக நினைத்த முதல் பொருள் வடவம். குழம்புக்கும் கீரைக்கும் வடவத்தைக் கிள்ளிப் போட்டுத் தாளிக்காவிட்டால் அவர்களுக்குச் சாப்பாடு இறங்காது.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். அரிசி வடாம் வேறு, வடவம் வேறு. வடாம் எண்ணெயில் பொரித்துத் தொட்டுக்கொள்வது. வடவம் தாளிப்புக்கு. வடகம் என்றும் சொல்வார்கள்.

அந்த வீட்டு ஆயாதான் அப்போது வடவம் போட்டு விற்றுவந்தார். இப்போது தாள் ஒட்டும் அக்கா அவருடைய மருமகள். ஆயாவின் கணக்கு இதுதான். 1 கிலோ சின்ன வெங்காயத்துக்கு 200 கிராம் பூண்டு, 100 கிராம் உடைத்த கறுப்பு உளுந்து, 50 கிராம் கடுகு, 50 கிராம் சீரகம், 20 கிராம் வெந்தயம், மஞ்சள்தூள், உப்பு, கறிவேப்பிலை. வெங்காயத்தையும் பூண்டையும் உரலில் ஒன்றிரண்டாக இடித்து, மற்றதையும் கலந்து, இரவு மூடி வைப்பார். காலையில் தண்ணீர் விட்டிருக்கும். கையால் பிழிந்து சக்கையை மட்டும் வெயிலில் பரப்புவார். சாயங்காலம் சக்கையைத் திரும்ப அதே தண்ணீரில் போடுவார். வாசனை எல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது, கொட்டிவிடக் கூடாது. இரண்டு மூன்று நாளில் சக்கை தண்ணீர் முழுவதையும் குடித்துவிடும். பிறகு கையில் விளக்கெண்ணெய் தொட்டுக்கொண்டு எலுமிச்சை அளவு உருண்டைகள் பிடிப்பார்.

சிரமம் அதற்குப் பிறகுதான். உருண்டைக்கு வெளியே வெயில் படுகிறது, உள்ளே படுவதில்லை. மேல் தோல் காய்ந்து இறுகிவிட்டால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லை. அதனால் முதல் நாலைந்து நாள் தினமும் சாயங்காலம் ஒவ்வோர் உருண்டையையும் உடைத்து, பிசைந்து, மறுபடி பிடிக்க வேண்டும். பிறகு பத்து நாள் வெயில். கடைசியில் 1 கிலோ வெங்காயத்துக்கு அரைக் கிலோகூடத் தேறாது.

எங்கள் ஊரில் இன்னொரு தொல்லையும் உண்டு. மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று எழும்பிவிடும். உடம்புக்குச் சுகம்தான், ஆனால் காய்ந்த பண்டத்துக்கு ஆகாது. அதில் இருக்கும் உப்பு அந்தக் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆகவே நாலு மணிக்குள் எல்லாவற்றையும் எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டும். வெயில் இருக்கிறதே என்று ஐந்தரை வரை விட்டால், பகலில் காய்ந்ததில் கொஞ்சம் திரும்ப ஈரமாகிவிடும்.

நான் சொல்லும் சம்பவம் 1963 கோடையில் நடந்தது. எனக்கு வயது 13. கப்பலேறப்போகும் இரண்டு குடும்பங்களும் ஏற்கெனவே போனவர்களின் உறவினர்களும் சேர்ந்து கேட்டதில், ஆயா 40 கிலோ வெங்காயத்தை ஒரே தடவையில் போட்டுவிட்டார். முன்பணமும் வாங்கியிருந்தார். எலுமிச்சை அளவில் பிடித்தால் 600 உருண்டைக்கு மேல் வரும். அவருக்கும் மருமகளுக்கும் சேர்ந்து நாலு கைதான். 5 கிலோ ஈட்டில் 80 உருண்டை வரும், அரைமணி நேரத்தில் உடைத்துப் பிடித்துவிடலாம். 600 உருண்டைக்கு மூன்று நான்கு மணி நேரம் ஆகும். அதனால் ஆரஞ்சு அளவில் பெரிதாகப் பிடித்தார்கள். தினமும் உடைக்கவேண்டியதை ஒருநாள் விட்டு ஒருநாள் உடைத்தார்கள். ஆறாம் நாள் வானம் மூடிக்கொண்டது, மூன்று நாள் திறக்கவில்லை. உருண்டைகளை அடுப்படிப் பரணில் பரப்பி வைத்தார்கள். பிறகு நல்ல வெயில் வந்து, உருண்டைகள் வெளியே கறுத்து, கல் மாதிரி ஆகிவிட்டன. பார்த்தவர்கள் எல்லோரும் காய்ந்துவிட்டது என்றார்கள்.

டப்பாவில் ஈயம் வைத்து அடைக்கும் நாளன்று ஆயா ஓர் உருண்டையை எடுத்து உடைத்தார். அது அவர் வழக்கம். நன்றாகக் காய்ந்த வடவம் உடையும்போது வெளியேயும் உள்ளேயும் ஒரே நிறமாக இருக்கும், உதிரும். இது உள்ளே மெத்தென்று இருந்தது. நடுவில் சாம்பல் பச்சையாகப் பூசணம், பழைய சாக்கு மாதிரி ஒரு முக்கல் வாடை. பத்து உடைத்தார். ஏழு அப்படி.

"பூத்ததைச் சுரண்டிப் போட்டுட்டுக் குடு ஆயா, எண்ணெயில தானே பொரியப்போகுது" என்று அந்த வீட்டம்மா கெஞ்சினார். மறுநாள் அவர்களுக்குப் பயணம்.

"உள்ள பூத்ததை எப்படிம்மா சுரண்டுறது? அடுத்த வருஷம் அங்க டப்பாவைத் தொறக்கிறப்ப நீ என்னைத்தான் நெனைச்சுக்குவே" என்றார் ஆயா.

அத்தனையையும் குழி வெட்டிப் புதைத்தார்கள். முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க ஆயாவின் காப்பு அடகுக்குப் போனது என்று என் அம்மா பிறகு சொன்னார். அந்தக் குடும்பம் வடவம் இல்லாமலே கப்பலேறியது.

அடுத்த பங்குனியில் ஆயா என்னைக் கூப்பிட்டு, "பிரெஞ்சு படிக்கிறியே, ஒரு தாள்ல ரெண்டு பாஷையிலும் எழுதிக் குடு" என்றார். ஒரு ஈட்டுக்கு 5 கிலோதான், காய்ந்த பிறகுதான் அடுத்தது, வானம் மூடினால் தேதி சொல்ல முடியாது. அவர் சொல்லச்சொல்ல எழுதினேன். பிரெஞ்சில் எழுதும்போது வடவத்துக்கு ஒரு சொல் தெரியாமல் பள்ளி ஆசிரியரைக் கேட்டேன். "காதில் விழுகிறபடியே எழுது" என்றார். பிரெஞ்சுக்காரர் வாயில் கடைசி "ம்" மூக்கொலியாகிவிடும், நடு உயிரும் மாறும். வடவம் அங்கே "வதுவான்" ஆனது அப்படித்தான். இன்று பிரான்சில் மசாலாக் கடைகளில் அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் உருண்டை இல்லை, உதிரியான தூள். வெங்காயமும் பூண்டும் இருக்கும். விளக்கெண்ணெயையும் சித்திரை வெயிலையும் அதில் எதிர்பார்க்க முடியாது.

அந்தத் தாளின் மற்ற வரிகளுக்கும் இதே நியாயம்தான். அரிசி வடாத்துக்கு விடியலில் கூழ் கிளறி, ஏழரை மணிக்குள் வேட்டியில் பிழிந்துவிடுவார் அக்கா. கூழில் உப்பு ஒரு மட்டம் குறைவாகத் தெரிய வேண்டும், காய்ந்தால் தானே ஏறிவிடும். சாயங்காலம் வேட்டியைத் திருப்பிப் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்து, மறுநாளும் அதற்கடுத்த நாளும் இரண்டு பக்கமும் காய வைப்பார். ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும், வளையக் கூடாது. ஈரம் இருந்தால் எண்ணெயில் ஓரம் பூத்து நடுவில் பல்லில் கடிபடும். எவ்வளவு பிழிவது என்பதை வேட்டிகளின் எண்ணிக்கையே முடிவு செய்கிறது.

மாவடு மட்டும் வெயிலை நம்பி இல்லை, அதனால்தான் தாளில் அதற்கு முதல் இடம். காம்போடு இருக்கும் வடுவில் விளக்கெண்ணெய் புரட்டி, கிலோவுக்கு 150 கிராம் கல் உப்பு, கடுகுப்பொடி, மிளகாய்ப்பொடி போட்டு ஜாடியில் தினமும் குலுக்க வேண்டும். வடு விட்ட தண்ணீரிலேயே அது முழுகிச் சுருங்கும். இப்போது பலர் உப்பைக் குறைக்கச் சொல்கிறார்களாம். குறைத்தால் வடு கொழகொழத்து, மேலே வெள்ளை ஏடு படியும். அக்கா உப்பைக் குறைப்பதில்லை. "குறைச்சலா சாப்பிடுங்க" என்கிறார்.

போன வாரம் பெயர் கொடுக்கப் போனேன். என் முறை மூன்றாவது ஈட்டில் வருகிறதாம். மொட்டைமாடியில் நாலு முறம் மட்டும் காய்ந்துகொண்டிருந்தது. இன்னும் நாலு வைக்க இடம் இருந்தது.

"இடம் இருக்கேம்மா, என்னுடையதையும் சேர்த்துப் போட்டுடலாமே?" என்று வேண்டுமென்றே கேட்டேன்.

"தாளை எழுதிக் குடுத்ததே நீங்கதானே அண்ணே" என்றார் அக்கா.

மூன்றாவது ஈட்டுக்குக் காத்திருக்கிறேன். வைகாசி ஆகலாம்.