சுழலும் கோடும் மன்னார்க் கடலின் ஓதமும்

தலைமன்னார்க் கரையில் ஒரு மாதம் தங்கி, கடல் நிரம்பும் வேளையை நாடோறும் குறித்து வருபவர்க்கு ஒரு விந்தை புலப்படும். அவ்வேளை நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் பிந்துகிறது என்பது யாவரும் கற்ற செய்தி. ஆனால் அப்பிந்துகை ஒரே அளவினதன்று. அமாவாசை, பூரணை ஆகியவற்றை அண்டிய நாட்களில் அது அரைமணி அளவிற்குக் குறைகிறது. அரைமதி நாட்களை அண்டி ஒரு மணிக்கும் மேலாகப் பெருகுகிறது. நிலவு ஏறக்குறைய ஒரே நடையாய்ச் செல்லக் கடல் மட்டும் இவ்வாறு விரைவதும் தயங்குவதும் ஏன்? இதற்கு விடை தருவது e^(iθ) என்னும் சிறு கோவை. அக்கோவையின் வரலாற்றை முதலில் நோக்குவோம்.

1714ஆம் ஆண்டில் ஆங்கிலக் கணிதர் ரொஜர் கோட்சு, கோசைன், சைன் ஆகிய இரண்டையும் −1இன் வர்க்கமூலத்துடன் சேர்த்த ஒரு தொகையின் மடக்கை, கற்பனைக் கோணமேயாகும் என்று கண்டார். இரண்டாண்டின் பின், 33 வயதில், அவர் இறந்தார். அவர் கண்டதன் பயனை உணர்ந்தார் மிகச் சிலரே. 1748இல் ஒயிலர் தமது நூலில் அதையே இன்று நாம் எழுதும் வடிவில், e^(iθ) = cos θ + i sin θ எனத் தந்தார். எனினும் ஒயிலருக்கு அது தொடர்களின் உறவேயன்றிச் சுழற்சியன்று. −1இன் வர்க்கமூலத்தைத் தளத்தில் ஒரு திசையாகக் காணும் எண்ணம் அந்நூலில் இல்லை. வாய்பாடு பிறந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னரே அதன் வடிவம் புலனாயிற்று.

அதைக் கண்டவர் கணிதப் பேராசிரியரல்லர், நில அளவையாளர். நோர்வேயிற் பிறந்து தென்மார்க்கில் பணியாற்றிய காசுபர் வெசல், கோடொன்றின் நீளத்தையும் திசையையும் ஒரே எண்ணால் குறிக்க விழைந்தார். இரு கோடுகளைப் பெருக்கினால் நீளங்கள் பெருகவும் கோணங்கள் கூடவும் வேண்டும் என்று அவர் விதித்தார். அவ்விதிப்படி, 90 பாகை திரும்பிய அலகுக் கோட்டைத் தன்னாலேயே பெருக்கினால் 180 பாகை திரும்பிய கோடு, அதாவது −1, கிடைக்கும். ஆகவே i என்பது கால் சுற்றேயாம். 1797இல் தென்மார்க்கு அரச கழகத்திற் படிக்கப்பட்ட அவ்வுரை 1799இல் அச்சேறியும் ஏறத்தாழ நூறாண்டு கேட்பாரற்றுக் கிடந்தது. 1806இல் ஆர்கன் என்பார் தாமாகவே அதைக் கண்டார். அளவையாளர் ஒருவர்க்கு எளிதிற் பட்டது பெருங்கணிதர்க்குப் படாமற் போனமை, கருவியோடு பழகும் கைக்கு உள்ள தனிச் சிறப்பைக் காட்டுவதாக எனக்குத் தோன்றும்.

இனி, e ஏன் இதனுட் புகுகிறது? θ மாறும்போது e^(iθ) மாறும் வீதம் i e^(iθ) ஆகும். அஃதாவது, நகரும் புள்ளியின் வேகம் எக்கணமும் அதன் நிலையைக் கால் சுற்றுத் திருப்பியதற்குச் சமம். ஆரைக்குச் செங்குத்தாகவே என்றும் செல்லும் புள்ளி மையத்தை அணுகவும் முடியாது, அகலவும் முடியாது. வட்டத்தில் ஓரலகு வேகத்துடன் செல்லும். தொடக்கம் 1 ஆதலின், θ காலத்தில் θ நீள வில்லைக் கடக்கும். இதைச் சிறு படிகளாகவும் செய்து பார்க்கலாம். ஓர் ஆரையன் கோணத்தைப் பத்துப் படிகளாக்கி, ஒவ்வொன்றிலும் (1 + i/10) என்பதால் பெருக்கினால், புள்ளி வட்டத்துக்கு வெளியே 5 சதவீதம் விலகிவிடும். நூறு படியெனின் விலகல் அரைச் சதவீதமே. படிகள் எல்லையின்றிப் பெருக விலகல் மறைந்து வட்டம் நிற்கும்.

இக்கருத்து பித்தளையில் உருவெடுத்தது கடலோதத்தின் பொருட்டே. பின்னாளிற் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தொம்சன், ஓதத்தை வெவ்வேறு வேகமுடைய பல சுழற்சிகளின் கூட்டாகக் கொண்டு, 1872 அளவில் ஓதங்கணிக்கும் பொறி ஒன்றைச் சமைப்பித்தார். அதிற் கணக்குப் பணி செய்த எட்வேட்டு இறொபேட்சு, இந்திய அரசின் தேவைக்கென 20 சுழற்சிகள் கொண்ட பொறியொன்றை வகுக்க, லெகே நிறுவனத்தார் 1879இல் அதனை முடித்தனர். அப்பொறியில் ஒவ்வொரு சக்கரமும் ஒரு A e^(iωt). சக்கரத்தின் முளை சட்டமொன்றை மேலும் கீழும் மட்டுமே தள்ளும். சுழற்சியின் ஒரு கூற்றை, மெய்ப்பகுதியை, மட்டும் எடுத்துக்கொள்ளும் செயல் அது. எல்லாச் சட்டங்களின் கப்பிகள் மீதும் ஓடும் ஒரே கம்பி அவற்றைக் கூட்டிப் பேனாவை அசைக்கும்.

மன்னார்க் கடலுக்குத் திரும்புவோம். அங்கு ஓதவேறுபாடு சிறிது. ஒரு மீட்டரை எட்டுவதில்லை. நிலவின் முதன்மைச் சுழற்சி மணிக்கு 28.98 பாகையும் சூரியனுடையது மணிக்கு 30 பாகையும் செல்லும். எடுத்துக்காட்டாக, அவற்றின் வீச்சங்கள் முறையே 20 செ.மீ., 10 செ.மீ. எனக் கொள்வோம். கூட்டு இது:

20 e^(iat) + 10 e^(ibt) = e^(iat) [20 + 10 e^(i(b−a)t)]

அடைப்பினுள் உள்ளது மணிக்கு 1.016 பாகை மெல்லத் திரும்பும் சிறு கோடு. ஒரு சுற்றுக்கு அதற்கு 14.77 நாள் வேண்டும். இரு கோடும் ஒரே திசை நோக்கினால் வீச்சம் 30 செ.மீ.; எதிரெதிர் நோக்கினால் 10 செ.மீ. பெருவோதமும் சிற்றோதமும் இவையே. சிறு கோடு செங்குத்தாக நிற்கும்போது வீச்சம் 22.4 செ.மீ.; அன்றிக் கூட்டுக்கோடு நிலவின் கோட்டுக்கு 26.6 பாகை முந்தியும் நிற்கும். எனவே கடல் 55 நிமிடம் முன்னதாகவே நிரம்பும்.

பிந்துகை பற்றிய வினாவுக்கும் இங்கே விடையுண்டு. பெருவோதத்தில் கூட்டுக்கோட்டின் வேகம் (20 × 28.98 + 10 × 30) ÷ 30, அதாவது மணிக்கு 29.32 பாகை. இரு சுற்றுக்கு 24 மணி 33 நிமிடம். பிந்துகை 33 நிமிடம். சிற்றோதத்திற் சூரியக்கோடு பின்னோக்கி நிற்பதால் வேகம் (20 × 28.98 − 10 × 30) ÷ 10, ஏறக்குறைய 27.97 பாகை, பிந்துகை ஒரு மணி 45 நிமிடம். இது அக்கணத்து வேகத்தைக் கொண்ட கணக்கு. மேலும் நிலவின் தூர மாற்றமும் நாளுக்கொருமுறை வரும் ஓதக்கூறுகளும் பருவக்காற்றும் குறுக்கிடும். ஆதலின் குறிப்பேட்டிலுள்ள எண்கள் இவற்றோடு முற்றும் ஒவ்வா. ஆயினும் குறைதலும் பெருகுதலும் பதினைந்து நாளுக்கொருமுறை மீளுமாயின், சூரியச் சுழற்சியின் கைவேலை அதிலுண்டு எனத் துணியலாம்.

தலைமன்னாருக்கு மேற்கே ஆதாம் பாலத்து மணற்றிட்டுகளுக்கு இடையே ஓடும் நீரையும் இவ்வாறே நோக்கலாம். ஒருபுறம் பாக்கு நீரிணை, மறுபுறம் மன்னார் வளைகுடா. இருபுறமும் ஓத வீச்சம் 20 செ.மீ. ஆகவே இருந்து, ஒன்று மற்றதற்கு 30 பாகை முந்துகிறதெனக் கொள்வோம். இரு கோடுகளின் வேறுபாடு 20 (e^(i15°) − e^(−i15°)) = 40 i sin 15°; அதன் அளவு ஏறத்தாழ 10 செ.மீ. இருகரையும் ஒத்த அளவே ஏறி இறங்கியும் நீரைத் தள்ளும் சரிவு இங்கே பிறந்துவிடுகிறது. முன்னே நிற்கும் i கூறுவது யாதெனின், அச்சரிவு மிகுவது கடல் நிரம்பிய வேளையிலன்று. அதற்குக் கால் சுற்று அப்பால், நீர் நடுமட்டத்திற் செல்லும் வேளையில், அஃதாவது நிரம்புதலுக்கு மூன்று மணி முன்னோ பின்னோ ஆகும்.