வாட்ஸ்அப் வெப்: கியூஆர் குறியீடு இணையாதபோது தடை எங்கே இருக்கிறது?

வாட்ஸ்அப் செயலியைக் கணினியுடன் இணைக்கும்போது கியூஆர் குறியீட்டைக் கைப்பேசி ஏற்க மறுப்பது பலருக்கும் பழகிப்போன தொல்லை. இனி அதைச் சந்திக்கும் வேளைகள் கூடலாம். கணினியில் திறந்திருக்கும் செயலிக் கணக்குகள் 6 மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் வெளியேற்றப்பட்டு, மீண்டும் கியூஆர் குறியீடு மூலம் இணைக்கப்பட வேண்டும் என மத்திய தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பர் 28-இல் ஆணை பிறப்பித்தது. ஆண்டுக்கு ஓரிரு முறை செய்த வேலை, நாள்தோறும் செய்யும் வேலையாக மாறினால், தடை எங்கே என்று கண்டறியத் தெரிந்திருப்பது நல்லது.

முதலில் அந்தக் கட்டம் எதற்கு என்று பார்க்கலாம். web.whatsapp.com பக்கத்தைத் திறந்ததும் கணினி, செயலி நிறுவனத்தின் சேவையகத்தைத் தொடர்புகொண்டு ஓர் அடையாளத்தைப் பெறுகிறது. அதனுடன் தனது மறையாக்கச் சாவியையும் சேர்த்துப் படமாகக் காட்டுகிறது. கைப்பேசி அதைப் படித்து, "இந்தக் கணினி என்னுடையது" என்று சேவையகத்திடம் உறுதி கூறுகிறது. ஆகவே கணினி, கேமரா, கைப்பேசியின் இணையம் ஆகிய மூன்றில் எது தவறினாலும் இணைப்பு நடக்காது. எது தவறியது என்பதைத் திரையே காட்டிக்கொடுத்துவிடும்.

குறியீடே தோன்றாமல் வட்டம் மட்டும் சுழன்றுகொண்டிருந்தால், கைப்பேசியைக் குறை சொல்வதில் பொருளில்லை. அலுவலக, கல்லூரி வலையமைப்புகள் பலவற்றில் இத்தளம் தடுக்கப்பட்டிருக்கும். கணினியைக் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பார்த்தால் போதும்; உடனே குறியீடு தோன்றினால் தடை வலையமைப்பில்தான். கணினியின் தேதியும் நேரமும் தவறாக இருந்தாலும் பாதுகாப்பான தளங்கள் திறக்காது.

குறியீடு தெளிவாகத் தெரிந்தும் கைப்பேசி அசையாமல் இருந்தால், அது கேமராவின் சிக்கல். இங்கே பலர் செய்யும் பிழை, கைப்பேசியின் பொதுக் கேமராவைத் திறந்து காட்டுவது. வாட்ஸ்அப்புக்குள் Linked devices பகுதியில் Link a device என்பதைத் தொட்டுத் திறக்கும் கேமராவே இந்தக் குறியீட்டை ஏற்கும். செயலிக்குக் கேமரா அனுமதி மறுக்கப்பட்டிருந்தால் அதுவும் திறக்காது.

விலை குறைந்த கைப்பேசி ஒன்றை வைத்திருக்கும் கடைக் கணக்காளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். குறியீடு பிடிபடவில்லை என்று அவர் கைப்பேசியைத் திரைக்கு மிக அருகே கொண்டுசெல்கிறார். கேமராவின் குவியம் அவ்வளவு அருகில் நிலைகொள்வதில்லை. நுண்கட்டங்கள் ஒன்றோடொன்று கலங்கிவிடுகின்றன. அவர் செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது: Ctrl விசையுடன் + விசையை அழுத்திப் பக்கத்தைப் பெரிதாக்கிவிட்டு, கைப்பேசியைச் சற்றுப் பின்னுக்கு எடுக்க வேண்டும். திரையின் ஒளியைக் கூட்டி, லென்ஸைத் துணியால் துடைப்பதும் உதவும். (விரல் படிந்த எண்ணெய்ப் பிசுக்கே பாதிச் சிக்கலுக்குக் காரணம்.) ஐயம் தீரவில்லையெனில், குறியீட்டை ஒரு புகைப்படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். கட்டங்களின் ஓரங்கள் மங்கியிருந்தால் அந்தக் கேமராவால் படிக்க இயலாது. ஆனால் அந்தப் படத்தைப் பின்னர் பயன்படுத்த முடியாது. குறியீடு சிறிது நேரத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும், சில முறைக்குப் பின் பக்கமே புதுப்பிக்கச் சொல்லும். தடுமாறி நேரம் கடத்தியவர்கள் காலாவதியான குறியீட்டைக் காட்டிக்கொண்டிருப்பதும் உண்டு.

மூன்றாவது நிலை, கைப்பேசி குறியீட்டைப் படித்த பிறகு 'இணைக்க இயலவில்லை' என்று கூறுவது. கேமரா தன் வேலையை முடித்துவிட்டது. பார்க்க வேண்டியது கைப்பேசியின் இணையத்தை. விபிஎன் இயங்கினால் நிறுத்திவிட்டு, வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாற்றி முயலலாம். ஒரு கணக்கில் அதிகபட்சம் 4 சாதனங்களையே இணைக்க முடியும் என்பதால், பட்டியலில் உள்ள பழைய கணினிகளை வெளியேற்றிவிட்டுப் பார்ப்பதும் பயன் தரும். இணைந்த பிறகு பழைய உரையாடல்கள் கணினிக்கு வரும் வரை, செயலியை மூடாமல் கைப்பேசியை இணையத்தில் வைத்திருக்க வேண்டும்.

கேமரா பழுதாகியிருந்தாலும் வழி இருக்கிறது. கணினிப் பக்கத்தில் தொலைபேசி எண் மூலம் உள்நுழையும் தெரிவைச் சொடுக்கி எண்ணை அளித்தால், 8 எழுத்துக் குறியீடு ஒன்று திரையில் தோன்றும். கைப்பேசியில் Link a device பக்கத்தின் அடியில், எண் மூலம் இணைக்கும் தெரிவைத் தொட்டு அதைத் தட்டச்சு செய்ய வேண்டும்.

மோசடிக்காரர்கள் நுழைய முயல்வதும் இதே வாசல் வழியாகத்தான். தம் கணினியில் உங்கள் எண்ணை இட்டு, கிடைத்த குறியீட்டைப் 'புகைப்படம் பார்க்க இதைப் பதிவிடுங்கள்' என்று அனுப்புவார்கள். அதைப் பதிவிட்டால் உங்கள் உரையாடல்கள் அவர்களது திரையில் திறந்துவிடும். பிறர் அனுப்பிய கியூஆர் படத்தை ஸ்கேன் செய்தாலும் விளைவு அதுவே. அறியாத கணினி எதுவும் Linked devices பட்டியலில் தென்பட்டால், அதைத் தொட்டு உடனே வெளியேற்றிவிடலாம்.